சரியான குறியீடு ஏன் பிழையென்று திருப்பப்படுகிறது: பழைய கணக்கு முறைமையில் இருபடி உள்நுழைவைச் சேர்த்தபோது கண்ட ஆறு அறிகுறிகள்

திருகோணமலையில் உள்ள ஒரு சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர் கணக்கு முறைமையை நான் பராமரித்து வருகிறேன். பிஎச்பியில் எழுதப்பட்ட பழைய முறைமை அது. உவர்மலை அலுவலகத்தின் பின்னறையில் இருக்கும் ஒரு சாதாரணக் கணினிதான் அதன் சேவையகம். கிண்ணியா, மூதூர், நிலாவெளிக் கிளைகளில் இருப்பவர்களும் அதற்குள்தான் நுழைகிறார்கள். கடவுச்சொல்லுக்குப் பிறகு, கைத்தொலைபேசியில் உள்ள ஒத்தெண்டிக்கேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்கக் குறியீட்டையும் கேட்கும்படி இதில் இருபடி உள்நுழைவைச் சேர்த்தேன். சேர்ப்பதற்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது. அதன்பின் வந்த முறைப்பாடுகளைத் தீர்க்க மூன்று மாதம் பிடித்தது. அவற்றை அறிகுறியின்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் இயக்கத்தைச் சுருக்கமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பின்னால் வரும் கண்டறிதல் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. பதிவின்போது சேவையகம் ஓர் இரகசிய விசையை உருவாக்கிக் கியூஆர் படமாகக் காட்டுகிறது; செயலி அதைப் படித்து வைத்துக்கொள்கிறது. அதன்பின் இரு பக்கமும் ஒன்றோடொன்று பேசுவதே இல்லை. 1970 ஜனவரி 1 தொடங்கி இன்றுவரை கடந்த வினாடிகளை 30 ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு வரும் எண்ணை நான் இங்கே கட்ட எண் என்று அழைக்கிறேன். விசையையும் கட்ட எண்ணையும் சேர்த்து இரு பக்கமும் தனித்தனியே ஒரே கணக்கைச் செய்கின்றன; விடைகள் ஒத்தால் கதவு திறக்கிறது. ஆகவே சரியாகத் தட்டப்பட்ட குறியீடு பிழையென்று வந்தால் விசை வேறு, அல்லது கட்ட எண் வேறு, அல்லது வந்த விடையை ஒப்பிடும் விதம் வேறு. நான்காவது காரணம் ஒன்றை நான் இதுவரை காணவில்லை.

இந்த மூன்றில் எது என்பதைப் பிரித்தறிய ஒரு சிறு நிரலை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தட்டப்பட்ட குறியீடு இப்போதைய கட்டத்துக்கு முன்னும் பின்னும் 800 கட்டங்களுக்குள் எங்காவது பொருந்துகிறதா என்று அது தேடும்.

```python
import base64, hashlib, hmac, struct, time

def code(secret, step):
    key = base64.b32decode(secret)
    h = hmac.new(key, struct.pack(">Q", step), hashlib.sha1).digest()
    o = h[-1] & 15
    n = struct.unpack(">I", h[o:o+4])[0] & 0x7fffffff
    return str(n % 1000000).zfill(6)

def find(secret, typed):
    now = int(time.time()) // 30
    return [d for d in range(-800, 801)
            if code(secret, now + d) == typed]
```

`find` தரும் எண் 0 அல்லது -1 ஆக இருந்தால் நேரம் சரி. கோளாறு ஒப்பீட்டில் இருக்கிறது. சிறிய வேறு எண் வந்தால் கடிகாரம் நகர்ந்திருக்கிறது. பெரிய எண் வந்தால் கடிகாரம் அடியோடு பிழை. எதுவுமே வராவிட்டால் விசைதான் வேறு. இதைச் சேவையகத்தின் கட்டளைத் திரையிலிருந்து, பரிசோதனைக் கணக்கு ஒன்றில் அல்லது பயனர் உங்கள் அருகில் இருக்கும்போது மட்டுமே இயக்க வேண்டும். உள்நுழைவுப் பக்கத்துக்குள் இந்தத் தேடலை வைத்துவிடக் கூடாது.

அறிகுறி 1: யார் தட்டினாலும், எப்போது தட்டினாலும் பிழை

முதலில் உங்கள் கணக்கீடே சரியா என்று பார்க்க வேண்டும். இந்த முறைக்கான ஆர்எஃப்சி 6238 ஆவணம் பரிசோதனை விடைகளைத் தந்திருக்கிறது. அதில் உள்ள விசையை பேஸ்32 வடிவில் கீழே கொடுத்திருக்கிறேன். விடை 005924 என்று வர வேண்டும்.

```
oathtool --totp -b --now "2009-02-13 23:31:30 UTC" GEZDGNBVGY3TQOJQGEZDGNBVGY3TQOJQ
```

அந்த நேரத்தின் கட்ட எண் 41152263. அதே விசையையும் கட்ட எண்ணையும் உங்கள் நிரலுக்குக் கொடுத்தும் இதே விடை வராவிட்டால், பெரும்பாலும் பேஸ்32 எழுத்துகளை அவிழ்க்காமல் அப்படியே விசையாகப் பயன்படுத்தியிருப்பீர்கள். விடை சரியாக வந்தும் உண்மையான பயனர்களுக்குப் பிழை வந்தால், தரவுத்தளத்தில் விசை முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். 20 பைட் விசை பேஸ்32இல் 32 எழுத்தாகும். அதை மறைகுறியாக்கிச் சேமித்தால் இன்னும் நீளும். நெடுவரிசையின் அகலம் போதாமல் வால் வெட்டப்பட்டிருந்தால், எந்தக் கட்டத்தைத் தேடினாலும் பொருந்தாது.

எங்கள் முறைமையில் இவை இரண்டும் சரியாகவே இருந்தன. முதல் மூன்று வாரமும் எல்லோரும் நுழைந்துகொண்டிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலையிலிருந்து ஒருவராலும் நுழைய முடியவில்லை. `find` தந்த எண் -660. இந்த எண்ணைக் கண்டதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. 660 கட்டங்களை 30 ஆல் பெருக்கினால் 19,800 வினாடி, அதாவது ஐந்தரை மணித்தியாலம். இலங்கை நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் இடையிலான வித்தியாசம் அதுதான்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை மின்வெட்டுக்குப் பிறகு கணினி எழும்பவில்லை. பழுதுபார்க்க வந்தவர் தாய்ப்பலகையின் நாணய மின்கலத்தை மாற்றிவிட்டு, பயோஸ் திரையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை வைத்திருக்கிறார். லினக்ஸோ பயோஸ் கடிகாரத்தை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. நேர மண்டலமும் தொடக்கத்திலிருந்தே `UTC` என்று வைக்கப்பட்டிருந்ததால், `date` கட்டளை காட்டிய மணி என் கைக்கடிகாரத்தோடு அச்சொட்டாகப் பொருந்தியது. அதுவே என்னை ஏமாற்றியது. மணி சரியாகத் தெரிந்தாலும், அதன் அருகில் `UTC` என்று இருந்தால் அது ஐந்தரை மணித்தியாலம் முந்திய கடிகாரம். நேர மண்டலத்தை மாற்றுவதால் மட்டும் இந்தக் கோளாறு தீராது. கட்ட எண் மண்டலத்தைப் பார்ப்பதில்லை, 1970 இலிருந்து எண்ணப்பட்ட வினாடிகளை மட்டுமே பார்க்கிறது. ஆகவே கடிகாரத்தையே பின்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

அறிகுறி 2: சிலருக்கு மட்டும், சில வேளைகளில் மட்டும் பிழை

முன்னைய பிழையை நான் அவசரத்தில் எப்படித் திருத்தினேன் என்பதிலிருந்துதான் இது பிறந்தது. கைத்தொலைபேசியைப் பார்த்து நேரத்தை வைத்துவிட்டு வேலை முடிந்ததென்று போய்விட்டேன். ஆறு வாரம் கழிந்தபோது காசாளர் அக்கா அழைத்தார். “தம்பி, நான் சரியாத்தான் அடிக்கிறன், அது பிழை எண்டே சொல்லுது. பக்கத்தில இருக்கிற பிள்ளைக்கு மட்டும் உடன போகுது” என்றார். அவரது தட்டச்சில் தவறு இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அருகில் போய் நின்று பார்த்தபோது தவறே இல்லை. கண்ணாடியைப் போட்டு, எண்ணைப் படித்து, ஒவ்வொன்றாகத் தட்டி, மறுபடி ஒப்பிட்டு அனுப்ப அவருக்குப் பதினைந்து வினாடி ஆகிறது. பக்கத்து மேசையில் இருக்கும் எழுதுவினைஞருக்கு ஐந்து வினாடி போதும்.

சேவையகத்தின் நேரம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்க்க, வெளியிலுள்ள ஒரு தளம் தரும் நேரத்தோடு ஒப்பிட்டேன்.

```
curl -sI https://www.google.com | grep -i ^date; date -u
```

எங்கள் கடிகாரம் 40 வினாடி முந்தியிருந்தது. மலிவான தாய்ப்பலகைக் கடிகாரம் ஒரு நாளைக்கு ஒரு வினாடி அளவில் நகர்வது வழக்கத்துக்கு மாறானதல்ல. ஆறு வாரத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துப்போகிறது.

இப்போது அக்காவின் அனுபவத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். எங்கள் முறைமை இப்போதைய கட்டத்தையும், அதற்கு முன் ஒரு கட்டத்தையும், பின் ஒரு கட்டத்தையும் ஏற்கிறது. அவர் குறியீட்டைப் பார்க்கும் கணத்திலிருந்து அது சேவையகத்தை அடைவதற்கு 15 வினாடி, கடிகாரத்தின் முந்தல் 40 வினாடி, மொத்தம் 55. ஒரு புதிய குறியீடு தோன்றி முதல் ஐந்து வினாடிக்குள் அவர் அதைப் பார்த்திருந்தால், சேவையகம் ஒரு கட்டம்தான் முந்தியிருக்கும், குறியீடு ஏற்கப்படும். அதற்குப் பிறகு பார்த்திருந்தால் இரண்டு கட்டம் தள்ளிப்போய்விடும், ஏற்கப்படாது. ஆகவே ஆறு முறைக்கு ஒரு முறைதான் அவருக்குக் கதவு திறக்கும். ஐந்து வினாடியில் தட்டுபவருக்கு மொத்தம் 45 வினாடிதான். குறியீட்டின் முதல் பதினைந்து வினாடிக்குள் பார்த்தால் போதும் என்பதால் அவருக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டாம் முறை தட்டியதும் போய்விடுவதால் அவர் முறைப்பாடு செய்யவே மாட்டார்.

இதன் மறுபக்கமும் அறிந்திருக்கத் தக்கது. சேவையகம் 40 வினாடி பிந்தியிருந்தால், மெதுவாகத் தட்டுவது உதவியாகிவிடும். அக்காவுக்கு ஒருபோதும் பிழை வராது, வேகமாகத் தட்டுபவருக்கே ஆறில் ஒரு முறை வரும். எனவே முறைப்பாடு மெதுவானவர்களிடமிருந்து வந்தால் கடிகாரம் முந்துகிறது என்றும், வேகமானவர்களிடமிருந்து வந்தால் பிந்துகிறது என்றும், கணினிக்குப் பக்கத்தில் போகுமுன்பே ஓரளவு ஊகிக்கலாம். ஒருவருக்கு மட்டும் எப்போதும் பிழை வந்தால், அவரது கைத்தொலைபேசியில் தானியங்கி நேரம் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கும் கட்டங்களை முன்னும் பின்னும் பத்துப் பத்தாக அகலப்படுத்திவிடலாமே என்று சங்க முகாமையாளர் கேட்டார். அப்படிச் செய்தால் எந்த நேரத்திலும் 21 குறியீடுகள் செல்லுபடியாகும். ஊகித்து நுழைய முயல்பவருக்கு வாய்ப்பு ஏழு மடங்காகும். தாமதத்துக்காக ஒரு கட்டத்துக்கு மேல் விட வேண்டாம் என்றுதான் மேற்சொன்ன ஆவணமும் பரிந்துரைக்கிறது. அது ஒருபுறம் இருக்க, கடிகாரம் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருப்பதால் அகலப்படுத்துவது முறைப்பாட்டைச் சில மாதம் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது.

உண்மையான திருத்தம் கடிகாரத்தை வலையமைப்பு நேரத்தோடு இணைப்பதுதான். `timedatectl` என்று தட்டியபோது `System clock synchronized: no` என்று வந்தது. நேரச் சேவை நிறுவப்பட்டிருந்தும், அலுவலக ரவுட்டர் யூடிபி 123 ஆம் துறையைத் தடுத்திருந்ததால் ஒரு நாளும் அது பேசியதே இல்லை. அந்தத் துறையைத் திறந்து, `sudo chronyc makestep` கொடுத்து நேரத்தை ஒரே தாவலில் சரிசெய்த பிறகு, `chronyc tracking` காட்டும் வித்தியாசம் வினாடியின் சிறு பின்னமாகக் குறைந்தது. அன்று மாலையே அக்காவை இருத்தி ஆறு முறை நுழைந்து பார்க்கச் சொன்னேன், ஆறும் போயின.

அறிகுறி 3: புதிதாகப் பதிந்தவருக்கு மட்டும், முதல் முறையிலிருந்தே பிழை

`find` வெற்றுப் பட்டியலைத் தருகிறது, ஆனால் மற்றவர்களுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், சேவையகத்தில் உள்ள விசையும் கைத்தொலைபேசியில் உள்ள விசையும் வேறு வேறு. மூதூர்க் கிளையில் மூன்று பேருக்கு இப்படி நடந்தது. நகரத்தில் ஒருவருக்கும் நடக்காமல் அங்கே மட்டும் நடந்ததுதான் துப்பாக இருந்தது.

என் பதிவுப் பக்கம், திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் புதிய விசையை உருவாக்கி, அதை உடனே பயனரின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தது. மூதூரில் இணைப்பு மெதுவாக இருந்ததால், படம் வந்து அதைப் படித்த பிறகும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பொறுக்காமல் மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் முதல் விசை, தரவுத்தளத்தில் இரண்டாவது விசை. அதைவிட மோசமானது, உறுதிப்படுத்தாமலேயே இருபடி உள்நுழைவு இயங்கத் தொடங்கியிருந்தது. வெளியே போனவர்கள் திரும்பி உள்ளே வர முடியவில்லை.

திருத்தம் இரண்டு பகுதியாக அமைந்தது. புதிய விசை முதலில் `pending_secret` என்ற தனி நெடுவரிசைக்குப் போகிறது. பத்து நிமிடத்துக்குள் பக்கத்தை எத்தனை முறை திறந்தாலும் அதே விசையே காட்டப்படுகிறது. பயனர் செயலியிலிருந்து ஒரு குறியீட்டைத் தட்டி அது பொருந்திய பிறகே, விசை `totp_secret` க்கு மாற்றப்பட்டு இருபடி உள்நுழைவு இயங்கத் தொடங்குகிறது. கைத்தொலைபேசி படிக்கத் தவறியிருந்தாலும், விசை மாறியிருந்தாலும், அது பயனர் இன்னும் உள்ளே இருக்கும்போதே தெரியவந்துவிடும்.

இதே அறிகுறியை மீள்பதிவு செய்தவர்களிடமும் காணலாம். அவர்களது செயலியில் ஒரே பெயரில் பழைய பதிவும் புதிய பதிவும் அடுத்தடுத்து இருக்கும், பார்ப்பது பழையதை. மீள்பதிவுப் பக்கத்திலேயே, பழையதை முதலில் அழிக்கும்படி எழுதி வைத்தேன்.

அறிகுறி 4: ஏறக்குறையப் பத்தில் ஒன்று பிழை, மறு குறியீட்டில் சரியாகிவிடுகிறது

பூச்சியத்தில் தொடங்கும் குறியீடுகள் பத்தில் ஒன்று. நிரலில் எங்கோ குறியீடு எண்ணாக மாற்றப்படுகிறது.

```php
$code = (int) $_POST['code'];   // "005924" -> 5924
```

குறியீடு எண் அல்ல, ஆறு எழுத்து கொண்ட ஒரு சரம். செயலிகள் அதை நடுவில் இடைவெளி விட்டுக் காட்டுவதால், சிலர் இடைவெளியோடே தட்டுவார்கள். இடைவெளிகளை நீக்கி, ஆறு இலக்கம் இருக்கிறதா என்று பார்த்து, `hash_equals` கொண்டு சரங்களாகவே ஒப்பிட வேண்டும். மேலே சொன்ன பரிசோதனை விடை இரண்டு பூச்சியத்தில் தொடங்குவதால், அதையே இந்தக் கோளாறுக்கும் பயன்படுத்தலாம்.

அறிகுறி 5: பிழையென்று செய்தி வருகிறது, ஆனால் பக்கத்தை மறுபடி ஏற்றினால் உள்ளே இருக்கிறார்

ஒருமுறை ஏற்கப்பட்ட குறியீட்டை மறுமுறை ஏற்கக் கூடாது என்பது இந்த முறையின் கட்டாய விதி. அதற்காக, கடைசியாக ஏற்கப்பட்ட கட்ட எண்ணைக் கணக்கில் சேமித்து, அதற்குச் சமமான அல்லது குறைந்த எண்ணை மறுக்கிறோம். பயனர் பொத்தானை இருமுறை அழுத்தினால் முதலாவது அழுத்தல் அவரை உள்ளே விடுகிறது, இரண்டாவது பழைய குறியீடு என்று மறுக்கப்படுகிறது. திரையில் தெரிவது இரண்டாவதன் பதில். முதல் அழுத்தலுடன் பொத்தானை முடக்கிவிட்டால் இது நிற்கும்.

சேமிக்க வேண்டியது பொருந்திய கட்டத்தின் எண். சேவையகத்தின் அப்போதைய கட்ட எண் அல்ல. நான் இரண்டாவதைச் சேமித்திருந்தேன். கடிகாரத்தை 40 வினாடி பின்னுக்குக் கொண்டுவந்த அன்று, அப்போதுதான் நுழைந்து வெளியேறிய ஒருவருக்கு அடுத்த ஒரு நிமிடமும் எல்லாக் குறியீடும் மறுக்கப்பட்டது. அப்போதுதான் இது தெரியவந்தது.

அறிகுறி 6: குறியீடு கேட்கப்படவே இல்லை

இதைப் பற்றி ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை, செய்யவும் மாட்டார்கள். நிலாவெளியில் ஓர் அலுவலர் தற்செயலாகச் சொன்னதால் தெரியவந்தது. அவர் அங்கத்தவர் பட்டியலின் முகவரியை உலாவியில் குறித்து வைத்திருந்தார். கடவுச்சொல்லைக் கொடுத்ததும் குறியீட்டுப் பக்கம் வரும்; அதைத் தட்டாமல் அந்தக் குறியை அழுத்தினால் பட்டியல் திறந்துவிடும். குறியீட்டுப் பக்கம் விருப்பத்துக்குரியது என்று அவர் நினைத்திருந்தார்.

பழைய முறைமையில் கடவுச்சொல் பொருந்திய உடனேயே `$_SESSION['user_id']` நிரப்பப்படும். எல்லாப் பக்கங்களும் பார்ப்பது அந்த ஒன்றைத்தான். நான் குறியீட்டுப் பக்கத்தை அதற்குப் பின்னால் ஒட்டியிருந்தேன். ஆகவே குறியீட்டைக் கேட்கும்போதே பயனர் உள்ளே வந்துவிட்டிருந்தார். இப்போது கடவுச்சொல் பொருந்தியதும் `pending_uid` மட்டும் எழுதப்படுகிறது, அது ஐந்து நிமிடத்தில் காலாவதியாகிறது. குறியீடு பொருந்திய பிறகே `session_regenerate_id(true)` இயங்கி, `user_id` எழுதப்படுகிறது. ஒரு கணக்குக்கு ஐந்து முறை பிழைத்தால் `pending_uid` அழிக்கப்பட்டு, அந்தக் கணக்கு பதினைந்து நிமிடம் காத்திருக்க வைக்கப்படுகிறது. இந்த எண்ணிக்கையைக் கணக்கோடு சேர்த்துத் தரவுத்தளத்தில் வைக்க வேண்டும். அமர்வில் வைத்தால் புதிய அமர்வைத் திறந்து மறுபடி ஐந்து முறை முயலலாம்.

அதோடு முடிந்ததென்று நினைக்காமல், `user_id` எழுதப்படும் இடங்களை எல்லாம் தேடினேன்.

```
grep -rn "_SESSION\['user_id'\] *=" .
```

நான்கு கோப்புகள் வந்தன. ஒன்று நான் திருத்திய உள்நுழைவு. இரண்டாவது, “என்னை நினைவில் வை” என்ற குக்கியைப் படிக்கும் கோப்பு. இருபடி உள்நுழைவு வருமுன் வழங்கப்பட்ட குக்கிகள் இன்னும் கதவைத் திறந்துகொண்டிருந்தன, அவற்றை எல்லாம் செல்லாததாக்கி, அந்தக் கோப்பில் `user_id` எழுதும் வரியையும் நீக்கினேன். மூன்றாவது, கடவுச்சொல்லை மாற்றியதும் பயனரை நேராக உள்ளே விடும் கோப்பு. அதை உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பினேன். நான்காவது, முன்பு வேலை செய்தவர் களப் பணியாளர்களுக்காக எழுதி வைத்த கைத்தொலைபேசிப் பக்கம். அதை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்களா என்று கிளைகளில் விசாரித்தேன், பதிவேட்டில் ஒரு மாதத்தைப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. கோப்பை நீக்கிவிட்டு, தேடலை மறுபடி இயக்கினேன். மிஞ்சியது, குறியீட்டைச் சரிபார்த்த பின் `user_id` எழுதும் அந்த ஒரு வரி மட்டும்.